காது கேட்காத பிள்ளைக்கு எஸ்.பி.எம். தேர்வில் சலுகை கேட்பது எப்படி?

சுங்கை சிப்புட்டில் தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாரம் நிரப்ப, கடிதம் எழுத இன்னும் ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள். மூன்று வருசத்துக்கு முன்னால் என் தங்கையே வந்தாள். பேத்தி படிவம் நான்கில் இருக்கிறாள், இரண்டு காதிலும் கருவி. "அண்ணே, எஸ்.பி.எம்.முக்கு இவளுக்கு ஏதாவது டைம் கூடக் கொடுப்பாங்களாமே, ஒரு லெட்டர் போட்டுக் கொடுங்க" என்றாள். ஒரு லெட்டர்தானே என்று உட்கார்ந்தேன். அது முடிய ஒரு வருசத்துக்கு மேல் ஆனது. அப்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் யாரிடம் கேட்கிறோம் என்பது தெரிய வேண்டும். எஸ்.பி.எம். தேர்வை நடத்துவது கல்வி அமைச்சின் கீழ் உள்ள தேர்வு வாரியம், அதாவது லெம்பாகா பெப்பெரிக்சாஆன். நம் பிள்ளைகளை அவர்கள் 'சாலோன் பெர்கெபெர்லுவான் காஸ்' என்று வகைப்படுத்துகிறார்கள். சிறப்புத் தேவையுள்ள தேர்வாளர் என்று பொருள். ஆபீசுகளில் சுருக்கமாக சி.பி.கே. என்பார்கள். நாம் நேராகப் புத்ராஜெயாவுக்கு எழுதுவதில்லை. பள்ளியில் தேர்வுச் செயலாளர் என்று ஓர் ஆசிரியர் இருப்பார். அவர்தான் பிள்ளையைத் தேர்வுக்குப் பதிவு செய்பவர், சி.பி.கே. விண்ணப்பமும் அவர் கையால்தான் போகும். பள்ளியிலிருந்து மாநிலக் கல்வி இலாகா, அங்கிருந்து வாரியம். பள்ளியை விட்டு வெளியேறி தனியாக எழுதுகிறவர்கள் மட்டும் மாநிலக் கல்வி இலாகாவின் தேர்வுப் பிரிவுக்கு நேரே போக வேண்டும்.

இன்னொன்று. யூ.பி.எஸ்.ஆர். தேர்வை 2021-லும் பி.தி.3-ஐ 2022-லும் நிறுத்திவிட்டார்கள். முன்பெல்லாம் ஆறாம் ஆண்டிலேயே ஒரு முறை இந்த வழியில் நடந்து பார்த்துவிடுவோம். இப்போது பல குடும்பங்களுக்கு எஸ்.பி.எம்.தான் வாரியத்தோடு முதல் பழக்கம். பள்ளியிலும் காது கேட்காத பிள்ளைக்கு விண்ணப்பம் அனுப்பிய அனுபவம் இல்லாத ஆசிரியர் இருக்கலாம். அதனால் படிவம் நான்கின் நடுவிலேயே தொடங்கிவிடுங்கள். படிவம் ஐந்தில் பதிவு நடக்கும்போது சலுகைக் கோரிக்கையும் சேர்ந்தே போக வேண்டும். தேர்வு நெருங்கிய பிறகு நினைவு வந்தால் கெஞ்சிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

கார்டும் காது ரிப்போர்ட்டும்

ஜே.கே.எம். என்ற சமூகநல இலாகா கொடுக்கும் ஓ.கே.யூ கார்டைத்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி கொடுப்பது அது. பதிவு செய்வது கட்டாயமில்லை, அதனாலேயே நம் பக்கத்தில் பலர் எடுப்பதில்லை. என் தங்கையும் முதலில் மறுத்தாள். "பொம்பளப் பிள்ளைக்கு அந்தக் கார்டு எதுக்குண்ணே, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேப்பாங்க." அந்தக் கார்டைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிய வேண்டியதில்லை, பீரோவில் இருக்கட்டும் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன்.

கார்டுக்கான பாரத்தில் டாக்டர் நிரப்ப வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அதற்குக் காது பரிசோதனை முடிவு வேண்டும். எங்கள் ஊரிலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வர ஒரு நாள் சம்பளம் போகும், சந்திப்புத் தேதி கிடைக்கவும் நாளாகும். ஆகவே இதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் எடுத்த பழைய ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். பாலர் பள்ளிக் காலத்து அளவு, பதினேழு வயதுப் பிள்ளையைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லாது.

ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் போட்ட தாள் இருக்கும். ஆடியோகிராம் என்பார்கள். கோடு கீழே இறங்க இறங்க கேட்கும் திறனில் குறைவு அதிகம் என்று அர்த்தம். ஜே.கே.எம். கணக்கில் 30 முதல் 60 டெசிபலுக்குள் இருந்தால் நடுத்தரக் குறைவு, 60 முதல் 90-க்குள் கடுமையானது, 90-க்கு மேல் மிகக் கடுமையானது. எங்கள் பிள்ளைக்கு வலக்காது 65, இடக்காது 70. டாக்டரிடம் ஒன்றை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்: கருவி போட்ட நிலையில் எவ்வளவு கேட்கிறது, பேச்சை எவ்வளவு புரிந்துகொள்கிறாள் என்று இரண்டு வரி. வெறும் எண்ணை மட்டும் அனுப்பினால், "அதான் கருவி இருக்கிறதே" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

"கருவி இருக்கிறதே, கேட்காதா?"

இந்தக் கேள்வி நிச்சயம் வரும். பள்ளியிலேயே வரும். பிள்ளை ஆசிரியர் அறையில் நின்று நன்றாகப் பதில் சொல்லும், அதைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வருவது இயல்பு. பதிலை நாம் தயாராக வைத்திருக்க வேண்டும்.

ஒரு மீட்டர் தள்ளி நின்று ஒருவர் சாதாரணமாகப் பேசினால் அது சுமார் 60, 65 டெசிபல் இருக்கும். தூரம் இரு மடங்கு ஆகும்போதெல்லாம் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். இரண்டு மீட்டரில் ஒரு 6, நான்கில் இன்னொரு 6, எட்டில் மறுபடி ஒரு 6. ஆக மண்டபத்தின் முன்னால் தலைமைக் கண்காணிப்பாளர் பேசுவது, எட்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் வரும்போது 18 டெசிபல் இளைத்துப்போய் சுமார் 42, 47 டெசிபலாக வருகிறது. கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தலைக்கு மேல் விசிறிகள் இரையும். மண்டபச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அந்தக் குறைவைக் கொஞ்சம் ஈடுகட்டும் என்பது உண்மைதான், ஆனால் அந்த எதிரொலியே சொற்களை ஒன்றோடொன்று குழப்பியும் விடும். கருவி எல்லாச் சத்தத்தையும் கூட்டிக் கொடுக்கும், அதில் விசிறியும் சேர்த்தி. ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துப் பேச்சுக்குத்தான் அது நன்றாக உதவும். வருசக் கடைசி மழை தகரக் கூரையில் அடிக்கும்போது காது நன்றாக இருக்கிறவர்களுக்கே கேட்காது.

இதை விளக்கிச் சொன்ன பிறகுதான் எங்கள் பிள்ளையின் வகுப்பாசிரியை, "ஐயா, அதான் வகுப்பில் நான் கரும்பலகையைப் பார்த்துப் பேசினால் அவள் பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தைப் பார்க்கிறாளா?" என்று கேட்டார். உதடு மறைந்ததும் பிள்ளைக்குப் பாதிப் பேச்சு போய்விடுகிறது. ஆசிரியை இதைத் தன் அறிக்கையில் எழுதிக் கொடுத்தார். டாக்டர் கடிதத்துக்கு இணையான பலம் அதற்கு உண்டு.

என்ன கேட்பது?

'தகுந்த சலுகைகள் கொடுத்து உதவவும்' என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் அதிகாரி எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம், எதையும் நினைக்காமலும் இருக்கலாம். தேர்வு மண்டபத்தில் நடப்பதை முதலிலிருந்து கடைசி வரை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். எங்கெங்கே காது தேவைப்படுகிறதோ, அங்கெல்லாம் ஒரு கோரிக்கை.

முதலில் அறிவிப்புகள். கேள்வித் தாளில் பக்கங்களைச் சரிபாருங்கள், ஐசி நம்பரையும் அங்கா கிலிரான் என்ற தேர்வு எண்ணையும் எழுதுங்கள், இப்போது தொடங்கலாம், இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது, எழுதுவதை நிறுத்துங்கள். இவை எல்லாத் தேர்விலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே முன்கூட்டியே தாளில் அடித்து மேசையில் வைத்துவிடலாம். ஆனால் திடீரென்று வரும் அறிவிப்பு வேறு. கேள்வித் தாளில் பிழை இருந்தால் நடுவில் 'ரலாட்' என்று திருத்தம் சொல்வார்கள். அது முன்கூட்டியே அடித்த தாளில் இருக்காது. எனவே கோரிக்கையை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். வழக்கமான அறிவிப்புகள் எழுத்தில் மேசை மேல் இருக்க வேண்டும். நடுவில் சொல்லப்படும் எதுவும் உடனே எழுதிக் காட்டப்பட வேண்டும். முதலாவதை மட்டும் கேட்டால் இரண்டாவது யாருக்கும் தோன்றாது.

அடுத்து இருக்கை. மண்டபத்தில் தேர்வு எண் வரிசைப்படி உட்கார வைப்பார்கள். பெயர் எங்கே விழுகிறதோ அங்கேதான் மேசை. முன் வரிசை வேண்டும், கண்காணிப்பாளரின் முகம் தெரிய வேண்டும் என்பதைக் கேட்டுத்தான் பெற வேண்டும். தனி அறை கிடைத்தால் இன்னும் நல்லது. கூடுதல் நேரம் பெற்ற பிள்ளை பொது மண்டபத்தில் இருந்தால், மற்றவர்கள் நாற்காலியை இழுத்து எழுந்து போகும் களேபரத்தில்தான் அந்தக் கூடுதல் நேரம் தொடங்கும்.

அப்புறம் கருவி. கைப்பேசி, ஸ்மார்ட் கைக்கடிகாரம் எதுவும் மண்டபத்தில் கூடாது. இப்போதைய கருவிகள் பலவற்றில் புளூடூத் இருக்கிறது. காதில் கருவியோடு வரும் பிள்ளையை வாசலில் நிறுத்தி விசாரித்தால் அந்தப் பதற்றம் முதல் அரை மணி நேரத்தைத் தின்றுவிடும். கருவியின் வகையை விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டு, அதை அணியவும் மாற்று பேட்டரி கொண்டுவரவும் அனுமதி கேளுங்கள்.

கேட்டல், பேச்சுத் தேர்வுகள் தனி விஷயம். மலாய்மொழியில் மூன்றாம் தாள் பேச்சு, நான்காம் தாள் கேட்டல். ஆங்கிலத்திலும் அப்படியே, 1119/3 பேச்சு, 1119/4 கேட்டல். கூடுதல் நேரம் இங்கே உதவாது, கேட்காத ஒலிநாடா இரண்டு மணி நேரம் ஓடினாலும் கேட்காததுதான். ஒலிக்குப் பதில் எழுத்து வடிவமா, ஒருவர் எதிரே உட்கார்ந்து உதடு தெரிய வாசிப்பதா, சைகை மொழிபெயர்ப்பாளரா, விலக்கா என்று நான்கு வழிகள் மனத்தில் வரலாம். எது பிள்ளைக்குப் பொருந்தும் என்பதை முதலில் வீட்டில் முடிவு செய்துவிட்டு, இந்தத் தாள்களுக்கென்று தனிப் பத்தியில் கேளுங்கள். உள்ளூர்ப் பள்ளியில் படித்த எங்கள் பிள்ளைக்குச் சைகை மொழி தெரியாது. காது கேட்காதவள் என்றதும் மொழிபெயர்ப்பாளரைப் போடலாம் என்று பள்ளியில் ஒருவர் நல்ல மனதோடு சொன்னார். வந்திருந்தால் அவர் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விலக்கு கேட்க நினைப்பவர்கள், மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படும் என்பதைத் தேர்வுச் செயலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கேளுங்கள். மலாய்மொழியில் தேர்ச்சி இல்லாமல் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடையாது.

கூடுதல் நேரத்துக்கு ஆதாரம்: இரண்டு பேனா

காது கேட்காததற்கும் எழுத அதிக நேரம் ஆவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. மற்ற பிள்ளைகள் காதால் அள்ளிக்கொள்ளும் சொற்களை இவர்கள் கண்ணால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். வீட்டில் தமிழ், தமிழ்ப்பள்ளியில் தமிழ், பிறகு இடைநிலைப்பள்ளியில் எல்லாம் மலாய். மலாய் வரலாற்றுக் கேள்வியில் நீளமான வாக்கியம் ஒன்றை இவள் இரண்டு மூன்று முறை வாசித்துத்தான் பிடிப்பாள். விடை தெரியும், கேள்வி புரிய நேரமாகும்.

இதை வாயால் சொன்னால் போதாது. பள்ளித் தேர்வில் ஆசிரியையிடம் சொல்லி ஒரு காரியம் செய்தோம். வரலாறு இரண்டாம் தாள், இரண்டரை மணி நேரம். மணி அடிக்கும் வரை நீலப் பேனா. அடித்ததும் அதை வாங்கிக்கொண்டு சிவப்புப் பேனாவைக் கொடுத்து, முடிக்கும் வரை எழுத விட்டார். சிவப்பு மையில் அவள் முப்பத்தைந்து நிமிடம் எழுதினாள். கடைசிக் கட்டுரை முழுவதும் சிவப்பு. நீலத்துக்குத் தனியாக, மொத்தத்துக்குத் தனியாக மதிப்பெண் போட்டு, எப்போது மணி அடித்தது, எப்போது முடித்தாள் என்று தாளின் மேல் எழுதி ஆசிரியை கையெழுத்திட்டார். இப்படி மூன்று பாடங்களில் செய்தோம். கணிதத்தில் சிவப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. அதை மறைக்காமல் அப்படியே இணைத்தோம். வாசிப்பு அதிகமுள்ள தாள்களில்தான் சிக்கல் என்பதற்கு அதுவே சாட்சி, பிள்ளை சோம்பேறி இல்லை என்பதற்கும்.

கூடுதல் நேரத்தில் ஒரு கண்ணி உண்டு. ஒரே நாளில் காலையும் மதியமும் தாள் இருந்தால், காலைக்குக் கிடைக்கும் கூடுதல் நேரம் இடைவேளையைத்தான் கடிக்கும். அட்டவணை வந்ததும் அந்த நாள்களைக் குறித்து வைத்து, பிள்ளை எங்கே, எப்போது சாப்பிடும் என்பதைப் பள்ளியோடு பேசிவிடுங்கள்.

கடிதம்

விண்ணப்பப் பாரத்தைப் பள்ளி நிரப்பும். நீங்கள் பள்ளி முதல்வருக்கு மலாயில் ஒரு கடிதம் எழுதி, அதை விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தாண்டக் கூடாது. பிள்ளையின் பெற்றோர் பெயரில் நாங்கள் எழுதியதன் சாரம் தமிழில் இது:

"என் மகள் இவ்வாண்டு எஸ்.பி.எம். தேர்வெழுதுகிறாள். அவளுக்கு வலக்காதில் 65, இடக்காதில் 70 டெசிபல் கேட்கும் திறன் குறைவு. ஓ.கே.யூ கார்டும் மருத்துவ அறிக்கையும் இணைப்பில். இரு காதிலும் கருவி அணிகிறாள். அருகில், முகம் பார்த்துப் பேசினால் புரிந்துகொள்வாள், மண்டபத்தில் தூரத்து அறிவிப்பு புரியாது. அவள் சைகை மொழி பயன்படுத்துவதில்லை. ஆகவே கேட்டுக்கொள்வது: ஒன்று, வழக்கமான அறிவிப்புகள் எழுத்து வடிவில் மேசையில் இருக்க வேண்டும். இரண்டு, தேர்வின் நடுவில் வரும் திருத்தங்கள் உடனே எழுதிக் காட்டப்பட வேண்டும். மூன்று, தனி அறை, இயலாவிட்டால் முன் வரிசை. நான்கு, வாசிப்பு அதிகமுள்ள தாள்களுக்குக் கூடுதல் நேரம், பள்ளித் தேர்வுத் தாள்கள் ஆதாரமாக இணைப்பில். ஐந்து, கருவியும் மாற்று பேட்டரியும் அனுமதிக்கப்பட வேண்டும். ஆறு, மலாய், ஆங்கிலக் கேட்டல் தாள்களில் ஒலிக்குப் பதில் எழுத்து வடிவம், பேச்சுத் தேர்வில் தேர்வை நடத்துபவர் எதிரே அமர்ந்து முகம் தெரியப் பேச வேண்டும்."

பிள்ளையின் கஷ்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று தங்கைக்கு மனத்தாங்கல். அப்பா பால் மரம் வெட்டுகிறவர், குடும்பம் கஷ்டப்பட்டது என்றெல்லாம் எழுதச் சொன்னாள். நான் எழுதவில்லை. வாரியம் கொடுப்பது இரக்கப்பட்டு இல்லை, தேவை நிரூபிக்கப்பட்டதால்.

அனுப்பிய பிறகு

கடிதத்தின் நகலில் பள்ளி ஆபீசின் முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். நான் கிராணியாக இருந்த பழக்கத்தில் வாங்கினேன், அதுவே கடைசியில் காப்பாற்றியது. எங்கள் தேர்வுச் செயலாளர் வருசத் தொடக்கத்தில் மாற்றலாகிப் போனார். புதியவர் பழைய கோப்பைப் பார்த்துப் பாரத்தை நிரப்பும்போது கூடுதல் நேரத்தை மட்டும் குறித்துவிட்டு, மற்றதை விட்டுவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை, காது கேட்காதவர் என்றால் நேரம்தானே என்று நினைத்திருக்கிறார். முத்திரை போட்ட நகலோடு போய் நின்றபோதுதான் விடுபட்டவற்றைச் சேர்த்துத் திரும்ப அனுப்பினார்கள். அனுப்புவதற்கு முன் பாரத்தை ஒரு முறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பெற்றோர் கேட்பதில் தவறொன்றும் இல்லை.

ஒப்புதல் வந்ததும், கேட்டது எது, கிடைத்தது எது என்று கடிதத்தோடு ஒவ்வொரு தாளாக ஒத்துப் பாருங்கள். எத்தனை நிமிடம் என்பது வாரியம் எழுதியதுதான், நாம் கேட்டது அல்ல. பிள்ளைக்கு அந்த எண் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஏதாவது விடுபட்டிருந்தால் பள்ளி வழியாக உடனே எழுத்தில் கேளுங்கள். பேச்சுத் தேர்வுகள் எழுத்துத் தேர்வுக்கு முன்னாலேயே நடந்துவிடும், அதனால் அந்தத் தாள்களை முதலில் பாருங்கள்.

பிறகு, பள்ளியின் முன்னோட்டத் தேர்வில் இதே ஏற்பாட்டை ஒத்திகை பாருங்கள். எங்கள் ஒத்திகையில்தான் ஒன்று தெரிந்தது. கண்காணித்த ஆசிரியர் எழுதிய தாளைப் பின்னாலிருந்து வந்து நீட்ட, பிள்ளை திடுக்கிட்டு பேனாவைக் கீழே போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு, முன்பக்கமாக வந்து மேசை மூலையை இரண்டு தட்டு தட்டிவிட்டுக் காட்டுவது என்று பேசிக்கொண்டோம். சின்ன விஷயம்தான், ஆனால் எந்தப் பாரத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

தேர்வு மண்டபத்தில் பொறுப்பாக இருப்பவர் கெத்துவா பெங்காவாஸ், தலைமைக் கண்காணிப்பாளர். அவர் வேறு பள்ளியிலிருந்து வருபவர், உங்கள் பிள்ளையை அறியாதவர். முதல் தாளுக்கு முன்பே தேர்வுச் செயலாளர் அவரிடம் ஒப்புதலைக் காட்டிப் பேசிவிட வேண்டும். ஒப்புதலின் நகல் ஒன்று பிள்ளையிடமும் இருக்கட்டும், வாசலில் யாராவது கேட்டால் காட்டுவதற்கு.

காலையில் கிளம்பும்போது பேட்டரி. கருவிக்குப் போடும் பொத்தான் பேட்டரிகளில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைப் பிரித்ததும் காற்று பட்டு வேலை செய்யத் தொடங்கும். பிரித்து ஓரிரு நிமிடம் விட்டுத்தான் கருவியில் போட வேண்டும். பழையது இன்னும் ஓடுகிறதே என்று மிச்சம் பிடிக்காமல் முதல் தாளன்று புதிது போட்டு அனுப்புங்கள். மாற்று பேட்டரியை ஸ்டிக்கரோடேயே கொடுத்துவிடுங்கள், முன்னாலேயே பிரித்து வைத்தால் பயன்படுத்தாமலே தீர்ந்துபோகும்.

எஸ்.பி.எம். முடிந்ததும் அந்தக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படிவம் ஆறு போய் எஸ்.டி.பி.எம். எழுதினாலும், முயெட் ஆங்கிலத் தேர்வு எழுதினாலும், அவற்றை நடத்துவது மஜ்லிஸ் பெப்பெரிக்சாஆன் மலேசியா என்ற வேறு அமைப்பு. இங்கே வாங்கிய ஒப்புதல் அங்கே செல்லாது, மறுபடியும் முதலிலிருந்து கேட்க வேண்டும். முயெட்டிலும் கேட்டல் தாள் உண்டு. எங்கள் பிள்ளை இப்போது அதற்குத்தான் தயாராகிறாள். போன வாரம் அதே சிவப்புப் பேனாத் தாள்களை எடுத்துக்கொண்டு வந்து, "தாத்தா, இதையே கொடுக்கலாமா, புதுசா எழுதணுமா?" என்று கேட்டாள். புதிதாக எழுதச் சொல்லி அனுப்பினேன்.